லண்டன் வழக்கறிஞரின் 'வாரிசுச் சொத்து' மின்னஞ்சல்

உங்கள் குடும்பப் பெயரையே கொண்ட ஒருவர் வாரிசின்றி இறந்துவிட்டார், அவருடைய வங்கிப் பணம் உங்களுக்கு வரவேண்டியது என்று லண்டன் வழக்கறிஞர் ஒருவர் எழுதியிருந்தால், முதலில் அவர் கேட்கும் 'பரிமாற்றக் கட்டணத்தை' மட்டும் கவனியுங்கள். இங்கிலாந்தில் இறந்தவரின் கடன், ஈமச்செலவு, வாரிசுரிமை வரி, சொத்தை நிர்வகிக்கும் வழக்கறிஞரின் கட்டணம் ஆகியவை பொதுவாக அந்தச் சொத்திலிருந்தே கழிக்கப்பட்டு, மிச்சமே வாரிசுக்குத் தரப்படுகிறது. கோடிக்கணக்கான பணம் கையில் இருப்பதாகச் சொல்பவர் நாற்பதாயிரம் ரூபாய்க் கட்டணத்தை அதிலிருந்து கழித்துக்கொள்ள மறுப்பதற்கு மோசடியைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது. அதைக் கட்டினால் அடுத்து வரிச் சான்றிதழ், பிறகு காப்பீடு என்று கேட்பார்கள்.

உண்மையாக இருக்குமோ என்ற சபலம் விடவில்லையென்றால், அனுப்புநர் பெயருக்குக் கீழே, உங்கள் பதில் எந்த முகவரிக்குப் போகும் என்று காட்டும் Reply-To என்ற வரியைப் பாருங்கள். அலுவலக முகவரிக்குப் பதிலாக இலவச மின்னஞ்சல் முகவரி அங்கே ஒளிந்திருப்பது வழக்கம். இங்கிலாந்தின் சொலிசிட்டர்கள் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளப் பதிவேட்டில் வழக்கறிஞரின் பெயரை இலவசமாகத் தேடலாம். ஆனால் பெயர் அங்கே இருப்பது மட்டும் போதாது, ஏனெனில் உண்மையான வழக்கறிஞர்களின் பெயரையே திருடுகிறார்கள். ஆகவே கடிதத்தில் உள்ள எண்ணை விட்டு, அந்தப் பதிவேட்டில் உள்ள அலுவலகத்தைத் தொடர்புகொண்டு கேளுங்கள். பாஸ்போர்ட் நகலை அதுவரை அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டவர்கள், இந்தியாவில் இருந்தால், வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.