டிப்ளமோவை ஏன் மறைக்கிறீர்கள்? வெளிநாட்டுக்குச் சான்றிதழ் அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலிடெக்னிக் முடித்துவிட்டு லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டு பி.இ. சேர்ந்தவர்கள் பலர், வெளிநாட்டு வேலைக்கு ரெஸ்யூமே தயாரிக்கும்போது டிப்ளமோவைத் தூக்கிவிடுகிறார்கள். 'அதான் பி.இ. இருக்கே, அப்புறம் எதுக்கு டிப்ளமோ?' என்ற நினைப்பு. சென்னைக் கம்பெனிகளில் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. நம் ஊர் எச்.ஆர். மார்க் ஷீட்டைப் புரட்டியதுமே லேட்டரல் என்று சொல்லிவிடுவார். வெளிநாட்டில் அதைப் படிப்பவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

அம்பத்தூர்க்காரர் ஒருவரை உதாரணமாகக் கற்பனை செய்துகொள்வோம். 2011-இல் பத்தாம் வகுப்பு. 2014-இல் மெக்கானிக்கல் டிப்ளமோ. 2014 முதல் 2017 வரை, அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.இ.; சி.ஜி.பி.ஏ. 7.4. அதன்பிறகு ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. இப்போது பதவி 'சீனியர் எக்ஸிகியூட்டிவ் - குவாலிட்டி'. ஜெர்மனியில் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறார்.

டிப்ளமோவை விட்டுவிட்டால் அங்கே என்ன தெரியும்? பத்தாம் வகுப்பு முடித்து மூன்று வருடம் ஆள் என்ன செய்தார் என்று தெரியாது. பி.இ. நான்கு வருடப் படிப்பு என்று அவர்களுக்குத் தெரியும். இவர் மூன்று வருடம்தான் படித்திருக்கிறார். மார்க் ஷீட்டுகளோ மூன்றாம் செமஸ்டரில்தான் ஆரம்பிக்கின்றன. முதல் இரண்டு செமஸ்டர் எங்கே, அதில் ஃபெயிலாகி மறைக்கிறாரா என்று யோசிப்பதில் தப்பே இல்லை. சிலர் இதைச் சமாளிக்க பி.இ. தொடங்கிய ஆண்டை 2013 என்று மாற்றிப் போடுகிறார்கள். அது பொய்த் தகவல். சரிபார்ப்பில் கல்லூரி சேர்க்கை ஆண்டைச் சொன்னதும் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

செய்ய வேண்டியது எளிது. டிப்ளமோவைத் தனி வரியாக, ஆண்டுகளோடு போடுங்கள். பி.இ. வரியிலேயே, மூன்று வருட டிப்ளமோவின் அடிப்படையில் நான்கு வருடப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்தது, செமஸ்டர் 3 முதல் 8 வரை என்று எழுதுங்கள். டிப்ளமோ சான்றிதழ், அதன் மதிப்பெண் பட்டியல்கள் எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்புங்கள். கல்லூரியில் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அலுவலகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் கேட்கும்போது, லேட்டரல் என்ட்ரி என்று அதிலேயே குறிக்கச் சொல்லுங்கள். அதற்கு இடமில்லை என்றால் கல்லூரி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதமாக வாங்கிக்கொள்ளலாம்.

தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. மார்க் ஷீட்டில் கல்லூரியின் பெயர், டிகிரியில் பல்கலைக்கழகத்தின் பெயர். ஒரே படிப்புக்கு இரண்டு நிறுவனங்கள் எப்படிக் காகிதம் கொடுக்கும் என்று அங்கே தோன்றும். ஜெர்மனியில் anabin என்ற தரவுத்தளத்தில்தான் வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களைத் தேடுவார்கள். அங்கீகாரம் உள்ளதற்கு H+ என்ற குறி இருக்கும். ரெஸ்யூமேயில் கல்லூரிப் பெயரை மட்டும் போட்டால், தேடுபவர் அதையே தேடிப் பார்த்து, கிடைக்காவிட்டால் நிறுத்திவிடக்கூடும். பட்டம் வழங்கியது அண்ணா பல்கலைக்கழகம், படித்தது இந்தக் கல்லூரியில் என்று இரண்டையும் அந்த வரிசையில் எழுதுங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. பட்டத்தை அதுவே கொடுக்கிறது. ப்ரொவிஷனல் சான்றிதழை மட்டும் அனுப்பாதீர்கள். பட்டம் இன்னும் உறுதியாகவில்லை என்று அதைப் படிப்பவர்கள் உண்டு. கான்வொகேஷன் டிகிரியையும் சேர்த்து வையுங்கள்.

மதிப்பெண்ணில்தான் ஆளுக்கொரு கணக்குப் போடுகிறார்கள். நம்மவருடைய 7.4-ஐ 10-ஆல் வகுத்து 4-ஆல் பெருக்கினால் 2.96. அமெரிக்காவில் 3-க்குக் கீழே என்றாலே சுமார் ரகம் என்று நினைப்பவர்கள் அதிகம். கல்லூரி அவருக்குக் கொடுத்திருப்பதோ முதல் வகுப்பு. சரி, சதவீதமாகப் போட்டால்? 74 என்பது பிரிட்டனில் 70-ஐத் தாண்டிய ஃபர்ஸ்ட் கிளாஸ், பிரமாதம். அமெரிக்காவில் அதே 74 வழக்கமாக 'சி' கிரேடு. எண் ஒன்றுதான், படிப்பவர் மாறினால் ஆளே மாறிவிடுகிறார். 9.5-ஆல் பெருக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக்குச் சொன்ன கணக்கு, பி.இ.க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஜெர்மனியில் முறை தலைகீழ். 1.0 தான் மிக உயர்ந்தது, 4.0 தேர்ச்சியின் கடைசிப் படி. வெளிநாட்டு மதிப்பெண்ணை மாற்ற அங்குள்ள பல்கலைக்கழகங்கள் ஒரு சூத்திரம் வைத்திருக்கின்றன. அதில் அதிகபட்ச மதிப்பு, தேர்ச்சிக்கான குறைந்தபட்ச மதிப்பு, உங்கள் மதிப்பு மூன்றும் வேண்டும். நம்மவருடைய கல்லூரியில் தேர்ச்சியின் கடைசிக் கிரேடுக்கு 5 புள்ளி என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி:

```
1 + 3 × (10 − 7.4) ÷ (10 − 5) = 2.56
```

அந்த 5-க்குப் பதிலாக 6 போட்டால் விடை 2.95 ஆகிவிடும். அதாவது படித்த படிப்பில் எந்த மாற்றமும் இல்லாமல் ஆள் கீழே இறங்கிவிடுவார். இந்தக் குறைந்தபட்ச மதிப்பு ரெகுலேஷனுக்கு ரெகுலேஷன், கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். சீனியர் சொன்னார் என்று போடாமல், உங்கள் மார்க் ஷீட்டின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கும் கிரேடு அட்டவணையைப் பாருங்கள். என்னைக் கேட்டால், வேலைக்கான ரெஸ்யூமேயில் மாற்றிய எண்ணைப் போடவே வேண்டாம். 10-க்கு 7.4, முதல் வகுப்பு, தேர்ச்சிக்குக் குறைந்தபட்சம் 5 என்று எழுதி, பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து இணைத்தால் போதும். பலர் முன்பக்கத்தை மட்டுமே ஸ்கேன் செய்கிறார்கள், விளக்கம் எல்லாம் பின்னால் கிடக்கிறது.

கடைசியாகப் பதவி. 'சீனியர் எக்ஸிகியூட்டிவ்' என்றால் ஒரகடத்தில் அசிஸ்டென்ட் மேனேஜருக்குக் கீழே இருக்கும் ஆள். வெளிநாட்டில் அது கம்பெனியை நடத்தும் மேல்மட்டம். முப்பது வயதுக்குள் ஒருவர் அப்படிப் போட்டிருந்தால் சந்தேகம் வரும். அல்லது, இந்த வேலைக்கு இவர் அளவுக்கு மீறியவர் என்று ஒதுக்கிவிடுவார்கள். அதற்காகப் பதவியையே 'குவாலிட்டி எஞ்சினியர்' என்று மாற்றிவிடுவதும் தவறு. அனுபவச் சான்றிதழிலும் சம்பளச் சீட்டிலும் வேறு பெயர் இருக்கும், பின்னணிச் சரிபார்ப்பில் அது முரண்பாடாகப் பதிவாகும். சான்றிதழில் உள்ள பதவியை எழுத்து மாறாமல் முதலில் எழுதுங்கள். அடுத்த வரியில், இது குவாலிட்டி எஞ்சினியர் வேலை, யாருக்கு ரிப்போர்ட் செய்கிறேன், எனக்குக் கீழே எத்தனை பேர் என்று எழுதுங்கள். கீழே யாரும் இல்லையென்றால் இல்லை என்றே எழுதலாம், அதில் குறைவொன்றும் இல்லை.

முதல் வருடம் ஜி.இ.டி. எனப்படும் கிராஜுவேட் எஞ்சினியர் ட்ரெயினியாக இருந்தவர்கள், அது முழுநேரச் சம்பள வேலை, பி.எஃப். பிடித்தார்கள் என்று குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் ட்ரெயினி என்ற சொல்லைப் பார்த்து மாணவர் பயிற்சி என்று கழித்துவிடுவார்கள், ஒரு வருட அனுபவம் போய்விடும். ஆள் சப்ளை நிறுவனத்தின் பேரோலில் இருந்தவர்கள் தொழிற்சாலையின் பெயரை முதலாளியாகப் போடக் கூடாது. சம்பளம் கொடுத்த நிறுவனத்தை முதலில் எழுதி, வேலை பார்த்த இடம் இந்தத் தொழிற்சாலை என்று அடுத்து எழுதுங்கள். சரிபார்ப்பவர் போன் செய்யும்போது தொழிற்சாலை எச்.ஆர். 'எங்க ரோல்ல அப்படி ஒருத்தர் இல்லையே' என்றுதான் சொல்வார். அவர் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்காது.