டெல்ஃப் பி1 வாய்மொழித் தேர்வு: கடைக்காரர் ‘முடியாது’ என்றதும் எழுந்துவிடாதீர்கள்

பிரெஞ்சு மொழித் திறனைச் சோதிக்கும் டெல்ஃப் தேர்வில், பி1 நிலைக்கான வாய்மொழித் தேர்வு மொத்தமே கால் மணி நேரம்தான். முதலில் உங்களைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு. கடைசியில் ஒரு சிறு கட்டுரையைப் படித்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும். நடுவில் 3 முதல் 4 நிமிடம் நடிப்பு. தயாரிப்புக்குத் தரும் 10 நிமிடம் கடைசிப் பகுதிக்கு மட்டுமே உரியது. இதற்கு முந்தைய ஏ2 நிலையில் நடிப்புக்கும் சேர்த்து நேரம் கிடைக்கும் என்பதால், அதை எழுதி வந்தவர்கள் இங்கே திகைத்துப்போகிறார்கள். பி1இல் சூழ்நிலை எழுதிய இரண்டு சீட்டு எடுத்து, ஒன்றை வைத்துக்கொண்டு, படித்து முடித்ததுமே பேச்சைத் தொடங்க வேண்டும். எதிரே இருக்கும் தேர்வாளர் கடைக்காரராகவோ அண்டை வீட்டுக்காரராகவோ மாறிவிடுவார்.

ஆண்பால் பெண்பால் குழப்பம், வினைத் திரிபு போன்றவற்றை எல்லா வகுப்பிலும் திருத்துவார்கள். அவற்றை இங்கே விட்டுவிடலாம்.

முதல் மறுப்பிலேயே அடங்கிப்போவது

மற்ற எல்லாப் பிழைகளையும்விட அதிக மதிப்பெண்ணைத் தின்பது இதுதான். பார்க்கப் பார்க்க எரிச்சல் வருவதும் இதில்தான், ஏனென்றால் நன்றாகப் பிரெஞ்சு பேசுகிறவர்களே இதில் விழுகிறார்கள்.

சீட்டில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: போன வாரம் தள்ளுபடியில் ஒரு ஜோடிக் காலணி வாங்கினீர்கள், அடிப்பகுதி பிய்ந்துவிட்டது, கடைக்குப் போய்ப் பேசுங்கள். தேர்வர் அழகாகத் தொடங்குவார். “மன்னிக்கவும், தள்ளுபடிப் பொருளை மாற்றித் தருவதில்லை” என்பார் தேர்வாளர். “ஓ, தக்கோர், மெர்ஸி”, அதாவது ‘சரி, நன்றி’ என்று தேர்வர் முடித்துக்கொள்வார். முக்கால் நிமிடம்கூட ஆகியிருக்காது. அதன்பின் தேர்வாளரே கேள்வி கேட்டுப் பேச்சை இழுக்க வேண்டியிருக்கும். சூழ்நிலையைச் சமாளிக்கிறாரா, எதிராளி சொன்னதைப் பிடித்துப் பதில் சொல்கிறாரா என்று பார்க்கத்தான் இந்தப் பகுதியே இருக்கிறது. அதைக் காட்டும் வாய்ப்பு அந்த ‘தக்கோர்’ உடன் போய்விடுகிறது.

ஏன் அடங்குகிறோம்? ஒன்று, எதிரே இருப்பவர் நமக்கு இன்னும் ‘சார்’தான். சாரோடு எப்படி வாக்குவாதம் செய்வது? இன்னொன்று, நம் ஊர் பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். கடைக்காரர் மறுத்தால் அதுவே முடிவு என்று மனதில் பதிந்துவிட்டது.

பிரான்சில் சட்டம் வேறு. புதிதாக வாங்கிய பொருளில் பழுது இருந்தால் 2 ஆண்டுக்குச் சட்டப்படியான உத்தரவாதம் உண்டு, தள்ளுபடியில் வாங்கியிருந்தாலும் சரி. ஆனால் நேரில் போய் வாங்கிய சட்டையின் நிறம் பிடிக்கவில்லை என்றால் மாற்றித் தரும் கட்டாயம் கடைக்குக் கிடையாது. இணையத்தில் வாங்கியதைத் திருப்பி அனுப்பத் தரும் 14 நாள் அவகாசம் அங்கே செல்லாது. ஆகவே சீட்டைப் படிக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்: பழுது என்றால் உரிமையோடு கேட்கலாம், மனம் மாறியது என்றால் கெஞ்சிக் கேட்க வேண்டும். தொனியே மாறிவிடும்.

அந்தக் காலணியையே எடுத்துக்கொள்வோம். தள்ளுபடிப் பொருள் என்று அவர் மறுத்ததும், முதலில் அவர் சொன்னதை வாங்கிக்கொள்ளுங்கள்: “தள்ளுபடியில் வாங்கியது உண்மைதான்.” அடுத்து ஒரு புது விவரம்: “ஆனால் இரண்டு முறைதான் போட்டேன், இதோ ரசீது.” கடைசியாக ஒரு கோரிக்கை: “இதே அளவில் வேறு ஜோடி தர முடியுமா?” ஒவ்வொரு மறுப்புக்கும் இந்த மூன்றும் போதும். போட்டேன், பிய்ந்தது என்று நடந்ததைச் சொல்லும்போது இறந்தகாலம் வந்துவிடுகிறது. தர முடியுமா என்று பணிவாகக் கேட்கும்போது ‘வூ பூரியே’ போன்ற நிபந்தனை வடிவம் வந்துவிடுகிறது. பி1இல் எதிர்பார்க்கும் இலக்கணத்தைத் தனியாகத் திணிக்கத் தேவையில்லை.

அவர் விடமாட்டார். “மழையில் நடந்திருப்பீர்கள்” என்பார். மழையே பெய்யவில்லை என்றோ, மழைக்காலக் காலணி என்றுதானே விற்றீர்கள் என்றோ சொல்லுங்கள். இரண்டாவது பதில் அவர் வாயை அடைக்கும். அடுத்து, “உங்கள் அளவு 38, அது தீர்ந்துவிட்டது, வேண்டுமானால் அதே தொகைக்கு இந்தக் கடையில் வேறு பொருள் வாங்கிக்கொள்ள ஒரு சீட்டு தருகிறேன்” என்று கொஞ்சம் இறங்கி வருவார். இங்கே பலர் மகிழ்ச்சியில் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். இன்னும் ஒரு சுற்று பாக்கி இருக்கிறது. வேறு கிளையில் 38 இருக்கிறதா, எப்போது வரும், வராவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்று கேளுங்கள். “சரி, வியாழக்கிழமை வாருங்கள்” என்றால், “அப்படியானால் வியாழன் மாலை வருகிறேன், அளவு 38, ஜோடி வராவிட்டால் பணம், சரிதானே?” என்று உறுதி செய்துவிட்டு நன்றி சொல்லுங்கள். மூன்று நிமிடம் தாண்டியிருக்கும்.

இதே தவறுக்கு இன்னொரு முகமும் உண்டு. சிலர் அடங்குவதில்லை, ‘எனக்குப் பணம் வேண்டும்’ என்ற ஒரே வாக்கியத்தைக் குரலை மட்டும் உயர்த்தி நான்கு முறை சொல்வார்கள். தேர்வாளர் புதிய தடையைப் போடும்போது உங்களிடமிருந்தும் புதிதாக ஒன்று வர வேண்டும்.

“அது சீட்டில் இல்லையே”

“எப்போது வாங்கினீர்கள்?” என்று தேர்வாளர் கேட்டதும் சிலர் சீட்டைப் புரட்டித் தேடுகிறார்கள். அதில் இருக்காது. நாள், விலை, காரணம், உங்களுக்கு என்ன வேண்டும் என்ற நான்கையும் வாய் திறப்பதற்கு முன்பே நீங்களாகவே முடிவு செய்துகொள்ளுங்கள். சனிக்கிழமை, 65 யூரோ, அடிப்பகுதி பிய்ந்தது, வேறு ஜோடி. பத்து விநாடி வேலை. உண்மையா என்று யாரும் சரிபார்க்கப்போவதில்லை.

போன்ஜூர் சொல்லாமல் தொடங்குவது

பிரெஞ்சுக் கடையில் அது அவமரியாதை. கணக்கில் வரும்.

அண்டை வீட்டுக்காரரிடம் எடுத்ததும் போலீஸ்

இரவில் சத்தமாகப் பாட்டுப் போடும் அண்டை வீட்டுக்காரர், அடிக்கடி வரும் ரகம். பிரான்சில் இரவு 10 மணியிலிருந்து காலை 7 மணிவரை சத்தம் போட்டால் போலீஸை அழைக்கலாம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதையே முதல் வாக்கியமாக எடுத்து வீசுகிறார்கள். பிறகு சமாதானம் பேச இடமே இல்லை. நாளை அதே மாடிப்படியில் அவரைப் பார்க்கப்போகிறவர் போலப் பேசுங்கள்: காலையில் சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டும், குழந்தை தூங்கவில்லை, வாரநாட்களில் 10 மணிக்கு மேல் சத்தத்தைக் குறைக்க முடியுமா, சனிக்கிழமை பரவாயில்லை. போலீஸ் பேச்சு, அவர் மூன்று முறை மறுத்த பிறகு, அதுவும் “அப்படிச் செய்ய எனக்கு விருப்பமில்லை” என்ற முன்னுரையோடு.

இவரிடம் ‘நீங்கள்’ என்னும் ‘வூ’ போட்டுத்தான் பேச வேண்டும். சீட்டில் நண்பர் என்றால் ‘நீ’ என்னும் ‘த்யூ’. நடுவில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினால் உடனே தெரிந்துவிடும்.

மனப்பாடம்

இரண்டாவது கேள்வியிலேயே உடைந்துவிடும்.

சுலபமான சீட்டைத் தேடுவது

கையில் இரண்டு சீட்டு இருக்கும்போது, நண்பரோடு சினிமாவுக்குப் போவது எளிது என்று பலர் அதை எடுக்கிறார்கள். ஆனால் படம், நேரம், இடம் என்று மூன்றும் ஒத்துப்போய்விட்டால் பேசுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. வேண்டுமென்றே நேரம் ஒத்துவரவில்லை என்று நீங்களே சிக்கலை உண்டாக்க வேண்டியிருக்கும். பழுதான பொருளுக்கோ சத்தத்துக்கோ சண்டை உள்ளேயே இருக்கிறது. அதில் வரும் பொருளின் பெயர் உங்களுக்குப் பிரெஞ்சில் தெரியுமென்றால் அதையே எடுங்கள். தெரியாத பொருளென்றால் மட்டும் சினிமா.