பைபோலார் இருக்கு, கிரியாட்டின் எடுக்கலாமா? டப்பாவைத் திறக்குறதுக்கு முன்னாடி

ஜிம்ல சேர்ந்த ரெண்டாவது வாரமே யாராவது கிரியாட்டின் எடுங்கன்னு சொல்லிடுவாங்க. பொதுவா நல்லா ஆராய்ச்சி பண்ணின பவுடர்தான், ஆனா பைபோலார் இருக்குறவங்களுக்கு கதை கொஞ்சம் வேற.

2007ல வந்த ஒரு சின்ன ஆய்வுல, மருந்துக்கு மசியாத டிப்ரஷன் இருந்த 10 பேருக்கு கிரியாட்டின் குடுத்துப் பாத்தாங்க. அதுல ரெண்டே பேருக்குத்தான் பைபோலார், அந்த ரெண்டு பேருக்குமே மூட் மேல எகிறிடுச்சு. ரெண்டு பேரை வெச்சு முடிவு கட்ட முடியாதுதான், ஆனா கேக்காம ஆரம்பிக்காதீங்கன்னு சொல்ல அது போதும்.

ஸ்டெப் 1: முதல்ல உங்க மனநல டாக்டர்கிட்ட பேசுங்க. "சப்ளிமென்ட் எடுக்கலாமா"ன்னு பொதுவா கேக்காம டப்பாவோட லேபிளை போட்டோ எடுத்துக் காட்டுங்க, கடைசியா எப்போ மேனியா வந்துச்சுன்னும் சொல்லுங்க. வேணாம்னு சொன்னா அதோட விட்டுடுங்க.

ஸ்டெப் 2: அவர் சரின்னாலும், ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரத்தத்துல 'கிரியாட்டினின்'ங்கிற கழிவுப் பொருள் எவ்வளவுன்னு பாத்து வெச்சுக்கணும். லித்தியம் எடுக்குறவங்களுக்கு இதுதான் ரொம்ப முக்கியம். லித்தியம் கிட்னி வழியாத்தான் வெளிய போகுது, கிட்னி எப்படி இருக்குன்னு பாக்குறது இந்த கிரியாட்டினினை வெச்சுத்தான், ஆனா கிரியாட்டின் உடம்புல உடைஞ்சா வர்றதே கிரியாட்டினின்தான், அதனால கிட்னி நல்லா இருந்தாலும் நம்பர் ஏறும். உதாரணத்துக்கு ஒருத்தருக்கு 0.9 இருந்தது ஒரு மாசத்துல 1.2 ஆயிடுச்சுன்னு வைங்க. பவுடர் எடுக்குறது தெரியாத டாக்டர் நல்லா வேலை செய்யுற லித்தியத்தைக் குறைச்சுடலாம். இதை விட மோசம், "அட பவுடராலதான்"னு நாமளே நினைச்சு நிஜமான கிட்னி பிரச்சனையைக் கோட்டை விடுறது. இந்தக் குழப்பம் வந்தா கிட்னியைப் பாக்குற இன்னொரு ரத்த டெஸ்டான சிஸ்டாட்டின் சி எடுக்கலாமான்னு கேளுங்க, அது கிரியாட்டினால மாறாது.

ஸ்டெப் 3: டாக்டர் ஓகே சொன்னா வேற எதுவும் கலக்காத கிரியாட்டின் மோனோஹைட்ரேட் மட்டும். வழக்கமான அளவு ஒரு நாளைக்கு 3லேர்ந்து 5 கிராம், உங்களுக்கு எவ்வளவுன்னு அவர்தான் சொல்லணும். முதல் வாரம் 20 கிராம் போடுற 'லோடிங்' எல்லாம் வேண்டாம். ப்ரீ வொர்க்அவுட் கலவையும் வேண்டாம், அதுல இருக்குற காஃபின் தூக்கத்தையும் கெடுக்கும், லித்தியம் அளவையும் மாத்தும்.

ஸ்டெப் 4: தினமும் எத்தனை மணி நேரம் தூங்கினீங்கன்னு எழுதுங்க. ஜிம்ல எனர்ஜி வந்தா பவுடர் வேலை செய்யுதுன்னு சந்தோஷப்படத் தோணும், இங்கதான் ஏமாறுவோம். நாலு மணி நேரம் தூங்கியும் அசதியே இல்ல, பேச்சு வேகமாகுது, செலவு கைமீறுதுன்னா அது பவுடரோட எனர்ஜி இல்ல, மூட் ஏற ஆரம்பிச்சிருக்கு. நமக்கே தெரியாமப் போகலாம், அதனால வீட்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லி வைங்க.

அப்படி ஆச்சுன்னா பவுடரை அன்னிக்கே நிறுத்திட்டு, அன்னிக்கே டாக்டருக்கு போன் பண்ணுங்க. மாத்திரையை நிறுத்திடாதீங்க. தசையில சேர்ந்த கிரியாட்டின் பழைய அளவுக்கு வர நாலு வாரத்துக்கு மேல கூட ஆகும், அதனால நிறுத்தின பிறகும் தூக்கக் கணக்கை எழுதிட்டே இருங்க.