லடாக்கில் இரண்டாம் இரவு வரும் இருமல்: செய்யக்கூடாத தவறுகள்

சென்னையிலிருந்து டெல்லி வழியாக விமானத்தில் லே சென்று இறங்கும் ஒருவர், ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்துக்கு ஒரே நாளில் போய்விடுகிறார். மறுநாளே சாங் லா கணவாயைக் கடந்து பாங்காங் ஏரிக்குச் சென்று, 4,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் கூடாரத்தில் தங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் கூடாரத்துக்கும் கழிப்பறைக்கும் நடப்பதற்குள் மற்றவர்களைவிட அதிகமாக மூச்சு இளைக்கிறது. இரவில் வறட்டு இருமல் தொடங்குகிறது. குளிர்காற்று பட்டுவிட்டது என்று இருமல் மருந்தைக் குடித்துவிட்டுப் படுப்பதுதான் முதல் தவறு. இது, உயரமான இடங்களில் நுரையீரலுக்குள் நீர் கசியும் HAPE என்ற நோயின் தொடக்கமாக இருக்கலாம்.

நுரையீரலில் எந்தப் பகுதிக்கு ஆக்ஸிஜன் குறைகிறதோ அந்தப் பகுதியின் சிறு தமனிகள் சுருங்கி, நல்ல காற்றுள்ள பகுதிக்கு இரத்தத்தைத் திருப்பிவிடுவது உடலின் இயல்பு. நிமோனியாவில் இது உதவும். மலையிலோ நுரையீரல் முழுவதும் ஆக்ஸிஜன் குறைவாக இருப்பதால் எல்லாத் தமனிகளும் சுருங்கி, நுரையீரல் தமனியின் அழுத்தம் உயர்கிறது. சுருக்கம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதால், குறைவாகச் சுருங்கிய பகுதிகளின் வழியே இரத்தம் மிகுந்த வேகத்துடன் பாய்ந்து, அங்குள்ள மெல்லிய நுண்குழாய்களின் சுவரைச் சிதைக்கிறது. அந்த விரிசல்களின் வழியே புரதம் கலந்த நீரும், முற்றிய நிலையில் சிவப்பணுக்களும் காற்றறைகளுக்குள் கசிகின்றன. பின்னர் இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வருவது இதனால்தான். ஆனால் அதற்காகக் காத்திருப்பது மிகவும் தாமதம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும், உடன் வந்தவர்களைவிட ஆக்ஸிமீட்டர் அளவு வெகுவாகக் குறைந்திருப்பதும் போதுமான எச்சரிக்கைகள். இலேசான காய்ச்சலும் வரலாம் என்பதால், கிருமித்தொற்று என்று முடிவு கட்டி ஆன்டிபயாடிக்கை மட்டும் நம்பிவிடக் கூடாது.

இரண்டாவது தவறு, நுரையீரலில் நீர் என்றவுடன் சிறுநீர் பெருக்கும் மாத்திரை கொடுப்பது. இங்கே இதயத்தின் இடப்பக்கம் செயலிழக்கவில்லை; உடலில் நீர் மிகுந்துவிடவுமில்லை. மலையேறுபவர் பெரும்பாலும் நீர்ச்சத்து குறைந்தே இருப்பார். டயமாக்ஸ் சாப்பிட்டாயிற்றே என்று நிம்மதி கொள்வதும் இதைப் போன்றதுதான்: அது உயரத்துக்கு உடல் பழக உதவுகிறது, தொடங்கிவிட்ட கசிவுக்கு அது சிகிச்சையாகாது. தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுபவர் என்பதும் பாதுகாப்பன்று. உடற்கட்டுள்ளவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் மாட்டிக்கொள்வதும் உண்டு.

சிகிச்சை, ஆக்ஸிஜனும் கீழிறங்குதலும்தான். குறைந்தது 1,000 மீட்டராவது, அல்லது அறிகுறிகள் தணியும் வரை, இறங்க வேண்டும், நோயாளியை நடக்க விடாமல், குளிர் படாமல். உழைப்பும் குளிரும் தமனி அழுத்தத்தை இன்னும் ஏற்றும். பாங்காங்கில் ஒரு சிக்கல் உண்டு: லே திரும்பும் வழக்கமான சாலை முதலில் சாங் லாவுக்கு, அதாவது 5,300 மீட்டருக்கு மேல், ஏறிச் செல்கிறது. ஆக்ஸிஜன் உருளை இல்லாமல் அவரை அந்த வழியில் காரில் ஏற்றுவது ஆபத்தானது. அருகிலுள்ள இராணுவ அல்லது அரசு மருத்துவ நிலையத்தில் முதலில் ஆக்ஸிஜன் பெற வேண்டும். தமனி அழுத்தத்தைக் குறைக்கும் நிஃபெடிபின், இறங்கவும் ஆக்ஸிஜன் பெறவும் வழியில்லாதபோது மருத்துவர் நாடும் மருந்து. ஆக்ஸிஜனால் மூச்சு சீரானதும் பயணத்தைத் தொடரலாம் என்று நோயாளியே சொல்லக்கூடும். ஆனால் கசிவு வற்றச் சில நாட்களாகும். அதற்குள் மறுபடி ஏறினால் அழுத்தமும் மறுபடி ஏறும்.