சர்ஃபக்டன்ட் கேள்விக்கு லாப்லாஸ் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

தேர்வில் நுரையீரல் சர்ஃபக்டன்ட் பற்றிக் கேள்வி வந்தால் பலரும் "பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மதிப்பெண் போவது அங்கேதான். P = 2T/r என்ற லாப்லாஸ் விதியை எழுதி, P அழுத்தம், T பரப்பு இழுவிசை, r ஆரம் என்று சொல்லி, ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுங்கள்.

நுரையீரலின் காற்றுப்பைகளான ஆல்வியோலைகளில் இரண்டை எடுங்கள், ஆரம் 50, 100 மைக்ரான். சர்ஃபக்டன்ட் இல்லாமல் T இரண்டிலும் 50 டைன்/செ.மீ. என்று வைத்துக்கொண்டால், சிறியதில் அழுத்தம் சுமார் 20 செ.மீ. நீர், பெரியதில் 10. காற்று பெரியதற்கு ஓடிவிடும், சிறியது சுருங்கி மூடிக்கொள்ளும். சர்ஃபக்டன்ட் இருந்தால், ஆல்வியோலஸ் சுருங்கும்போது அதன் மூலக்கூறுகள் நெருங்கி வந்து T-ஐ இன்னும் குறைக்கும். சிறியதில் T 10, பெரியதில் 25 என்றால் அழுத்தம் சுமார் 4, 5. சிறியது தப்பித்தது! "சுருங்கச் சுருங்க அதிகம் குறைக்கும்" என்ற இந்த வரியை அடிக்கோடிடுங்கள்.

அப்புறம் அதே நூலைப் பிடித்துக்கொண்டு குறைமாதக் குழந்தைக்குப் போங்கள். சர்ஃபக்டன்டைச் சுரக்கும் டைப் 2 செல்கள் முதிராததால் சர்ஃபக்டன்ட் போதவில்லை. ஆல்வியோலைகள் மூடுவதால், மூச்சு விட்ட பிறகு நுரையீரலில் மிஞ்சும் காற்றின் அளவான எஃப்.ஆர்.சி. குறைகிறது. நுரையீரல் எளிதில் விரியும் தன்மையான கம்ப்ளையன்ஸும் குறைவதால், ஒவ்வொரு மூச்சுக்கும் அதிக அழுத்தம் தேவை. மூடிய ஆல்வியோலையில் காற்று இல்லை, ரத்தம் மட்டும் ஓடுகிறது: காற்றோட்டத்துக்கும் ரத்த ஓட்டத்துக்கும் உள்ள விகிதமான V/Q சுழியம், அதாவது ஷன்ட். 100% ஆக்சிஜன் கொடுத்தாலும் அந்த ரத்தத்தை அது தொடாது, அதனால் ஹைபாக்சியா முழுதாகச் சரியாகாது. இந்த V/Q-வை முடிவிலியாக மாற்றி எழுதிவிடாதீர்கள், அது காற்று இருந்தும் ரத்தம் வராத டெட் ஸ்பேஸ்.