வீட்டு வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய அண்ணாச்சியிடம் எப்படிக் கேட்பது, செலவை எப்படிப் பிரிப்பது?

பாளையங்கோட்டையிலோ பெருமாள்புரத்திலோ வாடகைக்கு வீடு பார்த்தால் வழக்கமாக நடப்பது இதுதான். வாய்ப்பேச்சில் வாடகை முடிவாகும், அட்வான்ஸைக் கையில் கொடுப்போம், சாவி வந்துவிடும். எழுத்தில் வேண்டும் என்றால் பதினொரு மாதத்துக்கு ஒரு முத்திரைத்தாளில் அடித்துக் கையெழுத்து வாங்குவார்கள். ஓராண்டுக்கு மேல் இருக்கப் போகிறீர்கள் என்றால் அது போதாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்கிறது. பதியாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு 'எனக்கு இரண்டு ஆண்டு பேச்சு' என்று நீதிமன்றத்தில் நிற்க முடியாது.

இங்கே சொல்வது வாடகைக்கு மட்டும். நம் பக்கம் பெருந்தொகை கொடுத்து வாடகையில்லாமல் ஒத்திக்கு இருப்பவர்களும் உண்டு. அது அடமான வகை ஆவணம். அதற்கு முத்திரைத் தீர்வையும் கணக்கும் வேறு.

முதலில்: அட்வான்ஸுக்கு முன்பே பேச்சை எடுங்கள்

முழு அட்வான்ஸையும் கொடுத்து, சாமான் இறக்கிவிட்டு, 'அண்ணாச்சி, பதிஞ்சிரலாமா?' என்று கேட்டால், வீட்டுக்காரருக்கு இறங்கி வர ஒரு காரணமும் இல்லை. வீடு பிடித்துப்போய், டோக்கன் அட்வான்ஸ் பேசுகிற அன்றைக்கே இதைக் கேட்க வேண்டும்.

அதற்கு முன் வீடு யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். வீட்டைக் காட்டுபவரும் வாடகை வாங்குபவரும் பல வீடுகளில் உரிமையாளராக இருப்பதில்லை. சொந்தக்காரர் துபாயிலோ மும்பையிலோ இருப்பார், தம்பியோ மச்சானோ பார்த்துக்கொள்வார்கள். வாடகையை அவர்கள் வாங்கலாம், ஆனால் பதிவுக்குக் கையெழுத்துப் போட சரியான அதிகாரப் பத்திரம் வேண்டும். tnreginet.gov.in தளத்தில் வில்லங்கத்தைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். வீட்டு வரி ரசீதையும் கேளுங்கள். இரண்டிலும் பெயர் ஒன்றாக இருந்தால் பேச்சைத் தொடங்கலாம். ஒன்றாக இல்லையென்றால் ஏன் என்று கேட்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

கேட்கும் விதம்

'உங்கள்மேல் நம்பிக்கையில்லை' என்று அவர் காதில் விழுந்துவிடக் கூடாது. அதனால் அவருக்கு என்ன லாபம் என்பதில் தொடங்குங்கள். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"அண்ணாச்சி, ரெண்டு வருசத்துக்கு எழுதிப் பதிஞ்சிருவோமே."

"அதெல்லாம் எதுக்கு தம்பி? நம்மள நம்பலையா?"

"நம்பாம இல்ல அண்ணாச்சி. நாளைக்கு நான் காலி பண்ண மாட்டேன்னு நின்னா உங்க கையில ஒண்ணும் இருக்காதுல்லா? காலமும் வாடகையும் பத்திரத்துல இருந்தா உங்களுக்குத்தான் பிடி."

"பதிஞ்சா வில்லங்கத்துல ஏறிருமே. விக்கணும்னா, லோன் போடணும்னா இடைஞ்சல்லா?"

இந்தக் கடைசிக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஏனென்றால் அது உண்மை. பதிந்த குத்தகை வில்லங்கச் சான்றில் வரும். ஆனால் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று காலமும் ஆவணத்திலேயே இருக்கும். முன்னதாகக் காலி செய்தால் குத்தகையை விட்டுக்கொடுத்ததாக ஒரு ரத்து ஆவணம் பதிந்து தருகிறேன் என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள். வீட்டின்மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்தால், வாடகைக்கு விட வங்கியின் சம்மதம் தேவையா என்று அவர் கடன் ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

'ரொம்ப நாள் இருந்தா வீட்டையே சொந்தம் கொண்டாடிருவான்' என்ற பயமும் ஊரில் பரவலாக உண்டு. இதில் பதிவு அவர் பக்கம்தான் நிற்கும். 'நான் வாடகைதாரர், இவர் உரிமையாளர்' என்று நீங்களே கையெழுத்துப் போட்ட பிறகு, அந்த வீட்டிலேயே இருந்துகொண்டு அவருடைய உரிமையை மறுக்க முடியாது.

வருமானவரிப் பயமும் வரும், பெரும்பாலும் வெளியில் சொல்ல மாட்டார். நீங்கள் சம்பளத்தில் வீட்டு வாடகைப்படிக்கு வரிச்சலுகை கேட்பவராக இருந்து, ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருடைய பான் எண்ணை உங்கள் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். அதை இப்போதே சொல்லிவிடுங்கள். பழைய வரி முறையில் இந்தச் சலுகை வாங்குகிற பலர் மார்ச் மாதம் போய் நின்று சண்டை போடுகிறார்கள்.

செலவு எவ்வளவு ஆகும்

முப்பது ஆண்டுக்குக் குறைவான குத்தகைக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். பதிவுக் கட்டணத்துக்கு ரூ.20,000 உச்சவரம்பு. மாத வாடகையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். காலம் முழுவதற்குமான மொத்த வாடகையோடு முன்பணத்தையும் சேர்க்க வேண்டும்.

பாளையங்கோட்டையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். காலம் 24 மாதம், முன்பணம் ரூ.50,000. முதலாண்டு வாடகை மாதம் ரூ.9,000, இரண்டாமாண்டு 5 சதவீதம் கூடி ரூ.9,450. முதலாண்டுக்கு ரூ.1,08,000, இரண்டாமாண்டுக்கு ரூ.1,13,400, முன்பணம் ரூ.50,000. மொத்தம் ரூ.2,71,400. இதில் 1 சதவீதம் ரூ.2,714. தீர்வைக்கு ஒன்று, கட்டணத்துக்கு ஒன்று, ஆக ரூ.5,428. பத்திர எழுத்தர் கூலி ஆளுக்கு ஆள் மாறும், ரூ.1,500 என்று வையுங்கள். எல்லாம் சேர்த்து ரூ.6,928. இதுபோக அலுவலகத்தில் சில சில்லறைக் கட்டணங்கள் உண்டு.

இரண்டாண்டுக்கு இவ்வளவுதான். 'பதிவுன்னா ஆயிரக்கணக்குல ஆகும்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் முன்னால் வையுங்கள். அதன் பிறகு பேச்சு செலவைப் பற்றியதாக மட்டும் இருக்கும்.

யார் கொடுப்பது

இது பலருக்குத் தெரியாது. தனியாகப் பேசிக்கொள்ளவில்லை என்றால், குத்தகைப் பத்திரத்தின் முத்திரைத் தீர்வை வாடகைதாரர் தலையில் என்று 1899-ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு சொல்கிறது. அசலோடு சேர்த்து எழுதும் எதிர்ப்படிக்கான தீர்வை மட்டும் வீட்டுக்காரருடையது. ஆகவே 'சட்டப்படி நீங்கதான் கட்டணும் அண்ணாச்சி' என்று ஆரம்பித்தால், விவரம் தெரிந்தவர் உங்களையே மடக்கிவிடுவார். 'பேசிக்கொள்ளவில்லை என்றால்' என்ற அந்த ஒரு வாசகம்தான் உங்களுக்கு இடம் கொடுக்கிறது. பேசி முடிவெடுத்து எழுதிக்கொண்டால் அதுவே செல்லும்.

நான் சரிபாதி கேட்பேன், ஏனென்றால் பதிவால் இரண்டு பேருக்கும் பாதுகாப்பு. மேலே சொன்ன கணக்கில் ஆளுக்கு ரூ.3,464. அவர் பாதிக்கு ஒப்பவில்லையென்றால், தீர்வை முழுவதையும் நான் ஏற்கிறேன், பதிவுக் கட்டணமும் எழுத்துக்கூலியும் உங்களுடையது என்று கேட்டுப் பாருங்கள். அதற்கும் இல்லை என்றால் முழுச் செலவையும் நீங்களே ஏற்று, பதிலுக்கு முதலாண்டில் வாடகை ஏற்றக்கூடாது, இரண்டாண்டுக்கு முன் அவராகக் காலி செய்யச் சொன்னால் நான் கட்டிய செலவில் பாதியைத் திருப்பித் தர வேண்டும் என்று வாங்கிக்கொள்ளுங்கள். கையில் காசு வாங்குவதைவிட இந்த வரி பெறுமதியானது.

அண்ணாச்சியிடம் அன்றைக்கே ரூபாய் எண்ணி வாங்குவது சங்கடமாக இருக்கும். அதனால் இணையத்தில் நீங்களே முழுவதையும் கட்டிவிட்டு, அவர் பங்கை முதல் மாத வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ரூ.9,000-ல் ரூ.3,464 போக ரூ.5,536 கொடுத்து, கழித்த விவரத்தோடு ரசீது வாங்குங்கள். ஒப்பந்தத்திலும் இப்படி ஒரு வரி போடச் சொல்லுங்கள்:

"இந்த ஆவணத்துக்கான முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், எழுத்துக்கூலி ஆகிய செலவுகளை இரு தரப்பினரும் சரிபாதியாக ஏற்கிறோம். உரிமையாளர் பங்கான ரூ.3,464 முதல் மாத வாடகையில் கழிக்கப்படும்."

எழுதும்போதும் பதியும்போதும்

முத்திரைத்தாளை உங்கள் இருவரில் ஒருவர் பேரில் வாங்க வேண்டும். தாளின் தேதி கையெழுத்துத் தேதிக்குப் பிந்தையதாக இருக்கக் கூடாது. முதலில் வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, 'அப்புறம் முத்திரைத்தாள் வாங்கி மேலே ஒட்டிக்கலாம்' என்று செய்வது நடப்புதான், ஆனால் அது செல்லாது. தீர்வை குறைவாகக் கட்டிய பத்திரத்தை நீதிமன்றத்தில் காட்டினால், குறைந்த தொகையோடு அதைப்போல் பத்து மடங்கு வரை அபராதம் கேட்கலாம். 2024-ல் கட்டணம் மாறியதிலிருந்து சாதாரண ஒப்பந்தத்துக்கே ரூ.200 தாள். பழைய இருபது ரூபாய்த் தாளில் அடித்துக் கொடுப்பதாக யாராவது சொன்னால் சரி என்று தலையாட்டாதீர்கள்.

எழுத்தர் தட்டச்சு செய்ததும் சொத்து விவரத்தை நீங்களே வரிவரியாக வாசியுங்கள். கதவு எண், தெரு, வார்டு, சர்வே எண், நான்கெல்லை, எந்த மாடி, தண்ணீர்த் தொட்டியும் மோட்டாரும் பொதுவா என்பதெல்லாம் அங்கே வர வேண்டும். ஆவணம் திரும்பி வருவது பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான். அட்வான்ஸைத் திருப்பித் தரும் கெடு, மின்கட்டணம் யார் கட்டுவது என்பதையும் இதிலேயே சேர்த்துவிடுங்கள்.

எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தின் எல்லையில் வீடு வருகிறது என்பதையும் பாருங்கள். பாளையங்கோட்டையும் மேலப்பாளையமும் வெவ்வேறு அலுவலகங்கள். tnreginet.gov.in தளத்தில் ஆவண விவரத்தை ஏற்றி, கட்டணம் கட்டி, டோக்கன் எடுக்க வேண்டும். அன்றைக்கு இரண்டு பேரும், இரண்டு சாட்சிகளும், ஆதாரோடு நேரில் போக வேண்டும். கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுத்துவிட வேண்டும். அசலை யார் வைத்துக்கொள்வது என்று முன்பே பேசுங்கள். மற்றவர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் எடுத்துக்கொண்டால் போதும்.

இதோடு இன்னொரு பதிவும் இருக்கிறது. 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடமும் பதிய வேண்டும். அதற்கு tenancy.tn.gov.in தளம். சார்பதிவாளர் பதிவு இதற்கு மாற்று ஆகாது. பதினொரு மாத ஒப்பந்தம் போடுபவர்களும் இதை விட்டுவிடக் கூடாது.

காலம் முடியுமுன் வீட்டை விட்டால், மறக்காமல் அந்த ரத்து ஆவணத்தை எழுதிக் கொடுங்கள். அதன் செலவு யாருடையது என்பதும் முதலிலேயே ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இருந்துவிட்டால், அட்வான்ஸைத் திருப்பி வாங்கப் போகிற அன்றைக்கு அது புதுப் பேச்சாக வராது.