மூட்டைப்பூச்சிக்கு மெத்தை மேல் ஸ்பிரே அடிக்காதீர்கள்: வாடகை அறையிலும் ஹாஸ்டலிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில், இரண்டு பேர் தங்கும் அறையில் சில காலம் இருந்தேன். முழங்கையிலும் கழுத்திலும் தடிப்புகள் வந்தபோது கொசு என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் காலையில் தலையணை உறையின் ஓரத்தில் பேனா முனையால் தொட்டு வைத்தது போல நாலைந்து கரும்புள்ளிகள் தெரிந்தன. ஈரத் துணியால் தேய்த்தேன். துரு நிறத்தில் இழுபட்டது. மூட்டைப்பூச்சியின் எச்சம் அது, அதாவது நம் இரத்தம் செரித்து வெளிவந்த கழிவு. தடிப்பை மட்டும் பார்த்து எந்தப் பூச்சி என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தப் புள்ளிதான் சரியான அடையாளம்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த அண்ணனிடம் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் கடிக்கலையே தம்பி" என்றார். அதை நம்பி அவர் கட்டிலை நான் பார்க்கவே இல்லை. பிறகு பார்த்தபோது என் கட்டிலைவிட அவர் கட்டிலில்தான் அதிகம் இருந்தன. பலருக்கு மூட்டைப்பூச்சி கடித்தாலும் உடம்பில் தடிப்பு வராது. அறையில் யாருக்கு அரிக்கிறதோ அவருடைய கட்டிலில்தான் பூச்சி இருக்கும் என்று முடிவு கட்டக்கூடாது.

அடுத்து நான் செய்த தவறு, கரப்பானுக்கு அடிக்கும் ஸ்பிரேயை வாங்கி மெத்தை முழுக்க அடித்தது. நாலு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். ஒன்பதாம் நாள் மறுபடியும் கடி. காரணம் எளிது. கடையில் கிடைக்கும் பெரும்பாலான ஸ்பிரேக்களில் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. அந்த வகை மருந்துகளைத் தாங்கும் தன்மை மூட்டைப்பூச்சிகளிடம் உலகம் முழுக்கவே பரவிவிட்டது. நேரடியாக நனைந்த பூச்சி சாகலாம். காய்ந்துபோன மருந்தின் மேல் நடந்து போகிற பூச்சி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், இல்லையென்றால் கலைந்து வேறு இடுக்குக்குப் போய்விடும். முட்டைக்கு இந்த மருந்தால் பெரிய பாதிப்பு இல்லை. நம் ஊர் வெக்கையில் ஒரு வாரம், பத்து நாளுக்குள் முட்டை பொரிந்துவிடும். எனக்கு ஒன்பதாம் நாள் நடந்தது அதுதான். போதாததற்கு, அந்த மருந்தின் மேலேயே முகத்தை வைத்துத் தூங்கியிருக்கிறேன். படுக்கும் பரப்பில் ஸ்பிரே அடிக்கவே கூடாது.

பூச்சிகள் உண்மையில் எங்கே இருந்தன என்பது இரவு இரண்டு மணிக்கு செல்போன் டார்ச்சை வைத்துத் தேடியபோதுதான் தெரிந்தது. மெத்தையில் மூன்றே மூன்று. மற்றவை எல்லாம் கட்டிலில். இரும்புக் குழாயின் முனையில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் மூடி விழுந்துவிட்டிருந்தது. அந்த ஓட்டைக்குள் ஒரு கூட்டம். திருகாணி துளைகளிலும், பிளைவுட் பலகை சட்டத்தின் மேல் உட்காரும் விளிம்பிலும் மீதி. அந்த விளிம்பில் ரவை மணி போல வெள்ளை முட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. விரலால் தள்ளினால் வரவில்லை, பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டித்தான் எடுத்தோம்.

இரண்டு கட்டில்களையும் கழற்றி, துண்டுகளைப் பழைய போர்வையில் சுற்றி, ஒவ்வொன்றாகக் குளியலறைக்குக் கொண்டுபோனோம். கெட்டிலில் கொதித்த வெந்நீரை மூட்டுக்கு மூட்டு, குழாய் முனைக்குள் உட்பட, மெதுவாக ஊற்றினோம். 50 டிகிரிக்கு மேல் போனால் பூச்சியும் சாகும், முட்டையும் சாகும். ஆனால் இரும்பு சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். வேகமாக ஊற்றிவிட்டு நகர்ந்தால் உள்ளே போதிய சூடு ஏறாது. பிளைவுட்டில் வெந்நீர் ஊற்றினால் ஊதிவிடும் என்பதால் அதைச் சுரண்டி, மூட்டைப்பூச்சிக்கு என்று லேபிளில் எழுதியிருக்கும் ஸ்பிரேயை விளிம்புகளில் மட்டும் அடித்துக் காயவைத்தோம். ஸ்பிரேக்கு உரிய இடம் இதுபோன்ற இடுக்குகள்தான். குழாய் ஓட்டைகளை டேப் போட்டு அடைத்தோம். துணிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டியே எடுத்துப்போய், கை வைக்க முடியாத சூட்டில் இருந்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தோம். மெத்தையை வெயிலில் போடுவது பலர் செய்கிற காரியம். மேல் துணி சுடும், ஆனால் பூச்சி அடிப்பக்க நிழலுக்கு நகர்ந்துவிடும்.

மெத்தை உறையில்தான் அதிகம் பேர் காசை வீணாக்குகிறார்கள். நாலு மூலையில் எலாஸ்டிக் வைத்த வாட்டர்புரூஃப் விரிப்பு மூட்டைப்பூச்சிக்கு உதவாது. அடிப்பக்கம் திறந்தே கிடக்கிறது. ஆறு பக்கமும் மூடி ஜிப் போடும் உறைதான் வேண்டும். வாங்கும் முன் மெத்தையின் நீள அகலத்தோடு தடிமனையும் அளந்துகொள்ளுங்கள். இறுக்கமான உறை தையலில் பிரியும். ஜிப் முடியும் இடத்தில் சின்னதாக ஒரு சந்து இருந்தாலும் குஞ்சு வெளியே வந்துவிடும், அங்கே டேப் ஒட்டுங்கள். கட்டிலில் கூர்மையான முனை இருந்தால் துணி சுற்றுங்கள், ஒரு கிழிசல் போதும் உறை வீணாக.

உறை பூச்சியைக் கொல்லாது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். உள்ளே இருப்பவற்றைப் பட்டினி போட்டுப் பூட்டி வைக்கிறது, அவ்வளவுதான். கட்டிலில் இருப்பவை வழக்கம்போல மேலே ஏறி வரும். அதனால் கட்டிலைச் சுத்தம் செய்யாமல் உறை மட்டும் போட்டுப் பயனில்லை. பூச்சி இரத்தமில்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் உறையை ஓராண்டுக்குக் கழற்றக்கூடாது.

பிறகு கட்டிலைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி, ஒவ்வொரு காலையும் வழுவழுப்பான பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் நிறுத்தி, கிண்ணத்துக்குள் டால்கம் பவுடர் பூசினோம். வெப்பநாட்டு மூட்டைப்பூச்சி என்று ஒரு இனம் நம் பக்கம் உண்டு. அது வழுவழுப்பான பரப்பிலும் ஓரளவு ஏறும். ஆகவே கிண்ணம் முழுக் காவல் இல்லை. பூச்சி இன்னும் இருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும், அதற்காகத்தான் வைத்தோம். சுத்தம் செய்ததை 10-ஆம் நாளும் 20-ஆம் நாளும் மறுபடி செய்தோம். புதிதாகப் பொரிந்த குஞ்சு வளர்ந்து முட்டையிடச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் பிடித்துவிட வேண்டும்.

இந்த நாட்களில் நண்பர் அறைக்குப் போய்ப் படுக்காதீர்கள். பையிலும் துணியிலும் ஏறிக்கொண்டு பூச்சியும் வரும். பக்கத்து அறைகளிலும் சுவர் வெடிப்பிலும் சுவிட்ச் பெட்டியிலும் பூச்சி இருந்தால் உங்கள் ஸ்பிரேயும் உறையும் போதாது. வார்டனிடமோ உரிமையாளரிடமோ சொல்லி, உரிமம் உள்ள ஆட்களை வைத்து எல்லா அறைகளையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், தீப்பிடிக்கும். தானியக் கிடங்குக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை யார் கொடுத்தாலும் அறைக்குள் வைக்கவே வைக்காதீர்கள். ஈரக் காற்று பட்டதும் அதிலிருந்து பாஸ்பின் வாயு கிளம்பும். கதவிடுக்கு வழியாகப் பக்கத்து அறைக்கும் போகும், தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். அதற்கு மாற்று மருந்து கிடையாது.

எங்கள் அறையில் 19-ஆம் நாள் கிண்ணத்தில் ஒரு குஞ்சு கிடைத்தது. அதற்குப் பிறகு ஆறு வாரம் கிண்ணங்கள் காலி. நான் அறையைக் காலி செய்தபோது உறை போட்டு ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ஜிப்பின் மேல் டேப் ஒட்டி, எந்தத் தேதி வரை திறக்கக்கூடாது என்று எழுதி வைத்துவிட்டு வந்தேன்.